வெள்ளைப் புழு ஏறிய நாள்

மூக்கர் என்ற பெயர் அவருக்கு மூக்கின் அளவைப் பார்த்து வந்ததல்ல. அளவில் அது நாலு பேருக்கு இருக்கிற மாதிரியான மூக்குதான். ஆனால் குப்பைக் கிடங்கின் வாசலில் நின்றபடியே, உள்ளே கொட்டகையில் வரிசையாக இருக்கும் இருபது தொட்டிகளில் எது புளித்திருக்கிறது, எது மூச்சு முட்டிக் கிடக்கிறது என்று சொல்லிவிடுவார். சந்தேகப்பட்டு ஓடிப் போய்க் கிளறிப் பார்த்தவர்கள் எல்லாம் அசடு வழியத் திரும்பி வந்தார்கள். அப்படி வைத்த பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

அவர் வேலை பார்த்தது ஈக் கொட்டகையில். ஈ என்றதும் முகத்தைச் சுளிக்க வேண்டாம். வீட்டுச் சாப்பாட்டில் வந்து உட்காருகிற ஈ இல்லை இது. பயிற்சி கொடுக்க வந்தவர்கள் இதைக் கருப்புச் சிப்பாய் ஈ என்றார்கள். பார்க்கக் குளவி மாதிரி ஒல்லியாக, கருப்பாக இருக்கும். கொட்டாது, கடிக்காது. வளர்ந்த ஈ சாப்பிடவும் செய்யாது. புழுவாக இருக்கும்போது தின்று சேர்த்த கொழுப்பை வைத்துக்கொண்டு, கொஞ்சம் தண்ணீரை மட்டும் உறிஞ்சி, ஒரு வாரமோ பத்து நாளோ வாழ்ந்துவிட்டுப் போகும். அதற்குள் வெளிச்சத்தில் ஜோடி சேர வேண்டும், முட்டையிட வேண்டும், சாக வேண்டும். அவ்வளவுதான் அதன் வாழ்க்கை.

மூக்கரின் மனைவியும் அதே கொட்டகையில்தான் வேலை பார்த்தாள். வாய்த் துடுக்கு உள்ளவள். வலைக்கூண்டுக்குத் தண்ணீர் தெளிக்கும்போதெல்லாம், "சோறு கேக்காத புருஷன் இந்த ஈக்குத்தான் வாய்ச்சிருக்கு. எனக்கும் ஒண்ணு வாய்ச்சிருக்கே!" என்பாள். மூக்கர் அதைக் கேட்காதது போலத் தொட்டியைக் கிளறுவார். பத்து வருடம் தினமும் அதே கேலி, அவர் தினமும் அதே மாதிரி கேட்காமல் கிளறினார். இப்போது அதைச் சொல்ல ஆள் இல்லை என்பதை அவருடைய காது மட்டும் இன்னும் நம்பவில்லை.

கொட்டகையின் வேலை ஒரு வட்டம். வெயில் விழுகிற பக்கம் வலைக்கூண்டு. அதற்குள் ஒரு வாளியில் நாறுகிற குப்பை, அதன் மேல் இடுக்கு விட்டு அடுக்கிய மரச் சட்டங்கள். பெண் ஈ நாற்றத்தைத் தேடி வரும். ஆனால் ஈரக் குப்பையில் முட்டையிடாது. குஞ்சு பொரிந்ததும் விழுந்து தின்னத் தோதாக, பக்கத்தில் காய்ந்த இடுக்காகப் பார்த்து ஐந்நூறு, அறுநூறு என்று மொத்தமாக இட்டுவிட்டு இறந்து போகும். சட்டத்தைப் பிரித்து முட்டையைச் சுரண்டி எடுத்து, சிறு தட்டில் நனைத்த கோழித் தீவனத்தின் மேல் வைத்தால் நாலு நாளில் பொரியும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பொடிகள் இன்னும் ஐந்து நாளில் அரிசிக் குருணை அளவுக்கு வந்துவிடும். அதற்குப் பிறகுதான் தொட்டி.

தொட்டிக்கு வந்துவிட்டால் அந்தப் புழுக்களின் பசியைச் சொல்லி மாளாது. ஆஸ்பத்திரி கேன்டீனின் மிச்சச் சோறு, காய்கறித் தோல், அழுகிய பழம், காய்ந்த ரொட்டி, எதைப் போட்டாலும் சரி. பத்து வாளி கொட்டினால் இரண்டு வாரத்தில் மூன்று வாளிதான் மிஞ்சும். அதுவும் குப்பையாக இல்லை, பொலபொலவென்று கருப்பு எருவாக. அதைச் சலித்து இன்னும் சில வாரம் ஆறப் போட்டால் செடிக்குப் போடலாம். புழுவோ கோழிக்கும் மீனுக்கும் தீவனம். தின்று முடித்த புழு தானாகவே கருத்துவிடும்; வாயை மூடிக்கொண்டு, வயிற்றைக் காலி செய்துகொண்டு, ஈரத்தை விட்டு வறண்ட இடத்தைத் தேடி ஏறும். அதற்காகவே தொட்டியின் ஒரு பக்கத்தைச் சரிவாகக் கட்டியிருப்பார்கள். ஏறி வருகிற கருப்புப் புழு சரிவின் உச்சியில் இருக்கும் வாய்க்காலில் விழும். யாரும் பொறுக்க வேண்டியதில்லை. அதில் பத்தில் ஒரு பங்கை விதைக்கென்று இருட்டுப் பெட்டியில் மரத்தூளுக்குள் விட்டுவிட்டால், அசையாமல் கூடாகிக் கிடந்து, இரண்டு வாரத்தில் ஈயாக வெளியே வரும். வட்டம் முடிந்தது, மறுபடி தொடங்கிற்று.

இந்த வேலைக்கு எடை போடுகிற தராசு இருந்தது, சூடு பார்க்கிற கோல் இருந்தது. ஆனாலும் முதல் கருவி மூக்குதான் என்று பயிற்சியில் சொன்னார்கள். தொட்டி நன்றாக இருந்தால் மழை நனைத்த மண் போல மணக்கும். காற்றில்லாமல் அழுகினால் கெட்ட முட்டை. தீனி அதிகமானால் புளிப்பு. இதெல்லாம் கோல் சொல்லாது.

வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் வருடம் மூக்கருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள் படுத்தியெடுத்துவிட்டுப் போனது. போகும்போது மோப்பத்தையும் கூடவே கொண்டுபோய்விட்டது. முதலில் சளி என்று நினைத்தார். ஒரு மாதம் கழித்து, மனைவி மண்ணெண்ணெய் நனைத்த துணியை அவர் மூக்கருகே பிடித்தாள். அவர் ஒன்றும் தெரியாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வெளிய சொல்லிடாதே" என்றார். அவருடைய முதல் பேச்சே அதுதான்.

"சொன்னா என்ன? தலையையா சீவிடுவாங்க?"

"மூக்கருக்கு மூக்கு இல்லன்னு சிரிப்பாங்க. அதுக்கப்புறம் எவன் இங்க வச்சிருப்பான்?"

அவள் துணியைத் தூக்கிப் போட்டாள். "சரி விடுங்க. மூக்குதானே வேணும்? என்கிட்ட ஒண்ணு இருக்குல்ல."

அன்றிலிருந்து தினமும் காலையில் அவள் முன்னால் போவாள், அவர் பின்னால் போவார். மூன்றாம் தொட்டியருகே அவள் லேசாகச் செருமினால் புளிப்பு. கையைத் துடைத்துக்கொண்டால் அழுகல். பேசாமல் தாண்டிப் போனால் எல்லாம் சுகம். அவர் வாசலுக்கு வந்து, மேற்பார்வையாளர் காதுபட, "மூணாவதுல தீனி ஜாஸ்தி" என்பார். ஊர் தலையாட்டும். அவருக்கு அதில் வெட்கம் இருந்தது. அதைவிட அதிகமாகப் பெருமையும் இருந்தது. உள்ளதைச் சொல்வதில் என்ன குறை? இல்லாத மூக்கை வைத்துக்கொண்டு எட்டு வருடம் பெயர் வாங்கினார் மனிதர்.

வெள்ளைப் புழு ஏறிய அந்த நாளில் அவள் இறந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. எப்படி இறந்தாள் என்பதை அவர் யாரிடமும் விவரமாகச் சொன்னதில்லை. குப்பையைப் பிரிக்கும்போது உடைந்த கண்ணாடி பூட்ஸைக் கிழித்து உள்ளங்காலில் இறங்கியது. அவளுக்குச் சர்க்கரை நோய் உண்டு. "சின்னக் கீறல்" என்றாள். அதற்குப் பிறகு அந்தக் காலை அவர் பார்க்கவே இல்லை. வீட்டுக்குள்ளும் காலுறை போட்டுக்கொண்டாள், குளிர் என்றாள். விந்தி நடந்தாள், முட்டி வலி என்றாள். அவர் நம்பினார். ஒரு நாள் காலையில் உடம்பு நெருப்பாகக் கொதித்து, ஆளே நினைவு தப்பிக் கிடந்தபோதுதான் தூக்கிக்கொண்டு ஓடினார்.

காலுறையை வெட்டி எடுத்த டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அறையில் இருந்த நர்ஸ் ஜன்னலைத் திறந்தாள். "ஒரு மாசத்துக்கு மேல ஆகியிருக்கு. இவ்வளவு நாத்தம் அடிக்குது, வீட்டுல யாருக்கும் தெரியலையா?" என்று டாக்டர் கேட்டார். அத்தனை நாளும் அந்தக் காலுக்கு ஒரு முழம் தள்ளித்தான் மூக்கர் படுத்துத் தூங்கியிருந்தார்.

நடுவில் ஒரு தடவை அவளுக்கு நினைவு வந்தது. ஏன் மறைத்தாய் என்று அவர் கேட்டதற்கு, "காலை எடுத்துடுவாங்கன்னு பயம். நான் இங்க வந்து படுத்துட்டா தொட்டியை யாரு மோந்து பார்க்கிறது?" என்றாள். மூன்றாம் நாள் போய்விட்டாள். விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டதாம்.

அதன் பிறகாவது அவர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் கொட்டகை போய்விடும். கொட்டகையும் போய்விட்டால் அவள் நடந்த இடம் என்று மிஞ்சுவது எது? ஆகவே கையை மூக்காக்கிக்கொண்டார். ஒரு பிடி தீனியை எடுத்துப் பிழிவார். விரலிடுக்கில் இரண்டு சொட்டு வந்தால் பதம், ஒழுகினால் ஈரம் அதிகம். காதையும் பழக்கினார். ஆயிரக்கணக்கான புழுக்கள் தின்னும்போது தொட்டியிலிருந்து தூறல் விழுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். சத்தம் குறைந்தால் ஏதோ கோளாறு. ஒன்பது மாதம் ஒரு தவறும் நடக்கவில்லை. மூக்கே வேண்டாம் போலிருக்கிறதே என்று அவருக்கு ஒரு தைரியம் வந்துவிட்டது. அந்த தைரியம்தான் காலை வாரியது.

அன்றைக்குக் கேன்டீன் டிரம்கள் வழக்கம்போல முந்தின மாலையே வந்து இறங்கியிருந்தன. காலையில் திறந்தார். ஈரமாக மாவு மூட்டைகள், உருளைக்கிழங்கு, மிச்சச் சோறு. அரைக்கும் இயந்திரத்தில் போட்டார். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தார், மூன்று சொட்டு. கொஞ்சம் ஈரம்தான், பரவாயில்லை என்று இருபது தொட்டிக்கும் பரப்பினார். கை விரல்களில் லேசாக எரிச்சல் இருந்தது. வெங்காயம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு மணி நேரத்தில் புழுக்கள் ஏறத் தொடங்கின. கருப்புப் புழு ஏறினால் அறுவடை. இவை வெள்ளை, தின்ன வேண்டிய வயது இன்னும் பாக்கி இருப்பவை. சரிவில் மட்டுமல்ல, நாலு சுவரிலும், ஒன்றன் மேல் ஒன்று விழுந்து புரண்டு ஏறின. வெள்ளைப் புழு ஏறுவதற்கு மூன்று காரணம் உண்டு. சூடு கூடியிருக்கலாம், ஈரம் கூடியிருக்கலாம், தீனி கெட்டிருக்கலாம். கோலைச் செருகிப் பார்த்தார்; சூடு சரியாக இருந்தது. ஈரம்தான் கொஞ்சம் அதிகம் என்று காலையிலேயே கை சொல்லியிருந்ததே! மூன்றாவது காரணத்தைச் சொல்ல வேண்டியது மூக்கு. அதை அவர் கேட்க முடியாது.

மரத்தூளை அள்ளி அள்ளிக் கலந்தார். ஏறித் தரையில் விழுந்தவற்றைக் கூட்டி வாளியில் போட்டார். ஒரு வாளி நிறைந்து இன்னொன்றும் பாதி ஆனது. வெள்ளைப் புழு கோழிக்கு இன்னும் நல்லது, தோல் மெத்தென்று இருக்கும். வீணாக்குவானேன் என்று எடுத்து வைத்தார்.

மதியம் கோழிக்காரி வந்தாள். கிடங்குச் சுவருக்கு அடுத்த தெருவில் வீடு. புருஷன் விட்டுப் போன பிறகு முட்டை விற்றே இரண்டு பெண்களைப் படிக்க வைத்தவள். மூக்கரின் மனைவியோடு அவளுக்கு உயிருக்கு உயிரான பழக்கம். தினமும் புழு வாங்க வருகிற சாக்கில் இரண்டு பேரும் ஒரு மணி நேரம் ஊர் வம்பெல்லாம் மெல்லுவார்கள். இப்போது வந்தால் வாங்கிக்கொண்டு உடனே போய்விடுவாள். அன்று அவளுக்கு வேறு சளி பிடித்திருந்தது. முகத்தில் துணி கட்டியிருந்தாள்.

"என்னண்ணே, இன்னைக்கு வெள்ளையா நிறைய இருக்கு?"

"ஈரம் ஜாஸ்தியாயிடுச்சும்மா, ஏறிடுச்சுங்க. கொண்டு போ. பாவம், உன் கோழிப் பிள்ளைங்களுக்கு இன்னைக்கு விருந்துன்னு வச்சுக்கோ."

அவள் சிரித்துவிட்டு இரண்டு வாளியையும் தூக்கிக்கொண்டு போனாள்.

மூக்கர் சாப்பிட்டுவிட்டு வந்தபோது கொட்டகை அமைதியாக இருந்தது. முதலில் அது என்ன என்று அவருக்குப் பிடிபடவில்லை. பிறகு தூறல் சத்தம் இல்லை என்று புரிந்தது. ஒரு தொட்டியில் காதை வைத்தார். அடுத்ததில் வைத்தார். கையை உள்ளே விட்டுக் கிளறினார். நேற்று வரை விரலைச் சுற்றி நெளிந்த கூட்டம் இன்று அவித்த சோறு மாதிரி கிடந்தது. இருபது தொட்டியும் அப்படித்தான்.

அவர் நிமிர்ந்தபோது, காலையில் வெளிவேலையாகப் போயிருந்த மேற்பார்வையாளர் வாசலில் நின்றிருந்தார். மூக்கருக்கு மகள் என்று சொல்லக்கூடிய வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"ஐயா, என்ன இது? பூச்சி மருந்து நாத்தம் குடலைப் புடுங்குது! கேட் வரைக்கும் அடிக்குது!"

மூக்கர் தொட்டியை விட்டு விலகி நின்றார்.

மேற்பார்வையாளர் அங்கேயே நின்று கேன்டீனுக்குப் போன் போட்டார். விஷயம் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தது. முந்தின நாள் கேன்டீன் ஸ்டோர் ரூமில் கரையானுக்கு மருந்து அடித்திருக்கிறார்கள். மருந்து டப்பா கவிழ்ந்து மாவு மூட்டையும் கிழங்கும் நனைந்துவிட்டன. சமையல் மாஸ்டர் தனியாக எடுத்துக் கொட்டச் சொன்னாராம். யாரோ ஒருவர் அதைக் காதில் வாங்காமல் கொட்டகைக்கு வரும் டிரம்மில் போட்டுவிட்டார்.

"காலையில திறக்கும்போது நாத்தம் தெரியலையா ஐயா? உங்களுக்கேவா?"

"காலையில இல்ல மேடம்" என்றார் மூக்கர். நாக்கு அதுவாகவே சொல்லிவிட்டது. "நேரம் ஆக ஆக கிளம்பியிருக்கும்."

அந்தப் பெண் நம்பினார். மூக்கரே சொல்லும்போது யார் மறுப்பார்கள்? "கேன்டீன் மேலதான் தப்பு. அந்த மாஸ்டரை நான் சும்மா விடப்போறதில்லை" என்று சொல்லிக்கொண்டே, இருட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தார். அங்கே மரத்தூளுக்குள் கூடுகள் அப்படியே இருந்தன. கூடு தின்னாது, ஆகவே அதைத் தீனியின் விஷம் தொடவில்லை. கூண்டில் ஈக்களும் பறந்துகொண்டிருந்தன, அவையும் தின்பதில்லை. "நல்ல வேளை ஐயா, விதை தப்பிச்சுது. ஒண்ணரை மாசத்துல பழைய நிலைமைக்கு வந்துடலாம்" என்றார். தின்னாததெல்லாம் பிழைத்தது. தின்றதெல்லாம் செத்தது. அப்போதுதான் மூக்கருக்கு அந்த இரண்டு வாளிகள் நினைவுக்கு வந்தன.

அந்த வயதிலும் அவர் ஓடினார். கிடங்கைச் சுற்றிக்கொண்டு போக நேரமாகும் என்று சுவரின் உடைசல் வழியாகவே நுழைந்து ஓடினார்.

முற்றத்தில் கோழிகள் கிடந்தன. சில சாய்ந்து கிடந்தன. சில காலை அகட்டிக்கொண்டு, நிற்க முடியாமல், அலகிலிருந்து எச்சில் ஒழுகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தன. கோழிக்காரி ஒன்றை மடியில் போட்டு, அதன் வாயில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர் வெளியே வழிந்தது. முப்பத்தோரு கோழியில் அன்று பிழைத்தது ஒன்றுதான். அது கூடைக்குள் அடைகாத்துக்கொண்டிருந்ததால் தின்ன எழுந்து வரவில்லை.

"என்ன நோயின்னே தெரியலண்ணே. மதியம் நல்லாத்தான் கொத்திட்டு இருந்துச்சுங்க. பொத்து பொத்துன்னு விழுதுங்க. நான் என்னண்ணே பண்ணுவேன்?"

மூக்கர், "இன்னைக்கு எடுத்த முட்டையை யாருக்கும் குடுக்காதே. நீங்களும் சாப்பிடாதீங்க" என்று மட்டும் சொன்னார். பிறகு கோழி ஒவ்வொன்றாக அடங்குகிற வரை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அக்கம்பக்கத்தில் கோழி செத்தால் கிடங்கின் புழுத் தொட்டியில் போடுவதுதான் வழக்கம். எலும்பையும் இறகையும் தவிர இரண்டு நாளில் ஒன்றும் மிஞ்சாது. இவற்றை அப்படிப் போட முடியாது. ஆழமாகப் புதைக்க வேண்டும்.

மண்வெட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டினார். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அவள் கோழிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஒரு பேர் இருந்தது. கொண்டைக்காரி, நொண்டி, மகாராணி என்று முணுமுணுத்துக்கொண்டே அடுக்கினாள்.

தோண்டும்போது மூக்கர் கணக்காக யோசித்தார். நோய் என்று அவளே சொல்லிவிட்டாள். தப்பு கேன்டீனுடையது என்று மேற்பார்வையாளரே எழுதிவிடுவார். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். கொட்டகை இருக்கும், பெயர் இருக்கும். ஆனால் காலையில் டிரம்மைத் திறந்தது அவர் கை. வாளியைத் தூக்கிக் கொடுத்ததும் அதே கை. மகாராணியை அவள் குழிக்குள் வைத்தபோது அவரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"தங்கச்சி, இது நோய் இல்ல. நான் குடுத்த புழு."

அவள் நிமிர்ந்தாள்.

"கேன்டீன் குப்பையில கரையான் மருந்து கலந்திருந்துச்சு. கேட் வரைக்கும் நாத்தம் அடிச்சுதாம். வேற எவனா இருந்தாலும் டிரம்மைத் திறந்ததுமே மூடியிருப்பான். எனக்குத் தெரியலம்மா. எனக்கு மூக்கு வேலை செய்யாது."

"சளியாண்ணே?"

"இல்ல. எட்டு வருஷமா. அந்தக் காய்ச்சல் வந்துச்சே, அப்பவே போயிடுச்சு. ஒரு வாசனையும் தெரியாது. உங்க அண்ணிதான் எனக்காக மோந்து பார்த்தா. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு நான்தான் அவ வாயைக் கட்டி வச்சேன். உன் பொழப்புல நான் மண்ணைப் போட்டுட்டேன். நீ என்னை என்ன வேணாலும் சொல்லு."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். அழுவாள் என்று காத்திருந்தார். அவள் குழியைப் பார்க்கவே இல்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தில் கட்டியிருந்த துணியை மெல்லக் கீழே இழுத்தாள்.

"எட்டு வருஷமாவா? அப்போ அண்ணி கால்…"

"அதுவும் தெரியாது. அவ மறைச்சுட்டா."

"எனக்குத் தெரியும்ணே" என்றாள் அவள். "எங்க வீட்டுக்குள்ள வந்து உக்காந்தப்போ எனக்கு அடிச்சுது. என்ன அண்ணி இது, கால்ல புண்ணான்னு கேட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வாங்கன்னு கையைப் பிடிச்சு இழுத்தேன். அதெல்லாம் ஒண்ணுமில்ல, உங்க அண்ணனே தினம் கழுவி மருந்து போட்டுவிடறாருன்னாங்க. நான் அதுக்கு மேல வாயே திறக்கல. உங்க மூக்குக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிடப் போகுதுன்னு விட்டுட்டேன்."

மூக்கரின் கையில் மண்வெட்டி அப்படியே நின்றது.

"எப்போ?" என்று கேட்டார்.

"ஆரம்பத்துலயே. அவங்க படுக்கறதுக்கு ஒரு மாசத்துக்கு முன்னாடிண்ணே. அப்போ வெறும் புண்ணுதான். உங்களுக்கு மோப்பம் இல்லன்னு ஒரு வார்த்தை தெரிஞ்சிருந்தா, அன்னைக்கே ஓடி வந்து உங்ககிட்ட சொல்லியிருப்பேனே."

அவர் தோண்டிப் போட்ட மண்ணின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு பெரிய மனிதர் கைகளால் முகத்தை மூடிக்கொண்டு, பிள்ளை மாதிரி ஓவென்று அழுதார்.

கோழிக்காரி அவர் பக்கத்தில் கிடந்த மண்வெட்டியை எடுத்து, தன் கோழிகளின் மேல் தானே மண்ணைத் தள்ளத் தொடங்கினாள்.